வட்டத்துக்குள் எத்தனை பூச்சியம்?

z⁴ + 6z + 3 = 0. எந்த z-ஐப் போட்டால் இந்தச் சமன்பாடு சரியாகும்? இருபடிச் சமன்பாடாக இருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே சூத்திரத்தை எழுதி விடையைச் சொல்லிவிடுவார்கள். நாற்படிக்கும் சூத்திரம் இருக்கிறது, 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபெராரி கண்டுபிடித்தது. ஆனால் அதைக் கையால் போட்டு முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். ஐந்தாம் படிக்கு வந்தால் அதுவும் இல்லை. கூட்டல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றை வைத்து எல்லா ஐம்படிச் சமன்பாடுகளுக்கும் ஒரே சூத்திரம் எழுதவே முடியாது என்று 1824இல் நார்வேயின் ஆபெல் நிறுவிவிட்டார்.

ஆனால் பல வேலைகளுக்கு மூலம் துல்லியமாக எது என்பது தேவையே இல்லை, எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். ஒலியைச் சீர்செய்யும் டிஜிட்டல் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய சமன்பாட்டின் மூலங்கள் அத்தனையும் 1 ஆரமுள்ள வட்டத்துக்குள் இருந்தால் அது அடங்கி வேலை செய்யும். ஒன்று வெளியே போய்விட்டாலும், சின்ன இரைச்சல்கூட உள்ளுக்குள் பெருகிக்கொண்டே போகும். எனவே பொறியாளர் கேட்கும் கேள்வி: இந்த வட்டத்துக்குள் எத்தனை மூலங்கள்? இதற்கு, ஒரு மூலத்தைக்கூடக் கண்டுபிடிக்காமல் விடை சொல்லும் வழியை 1862இல் பிரெஞ்சுக் கணிதர் யூஜின் ரூஷே வெளியிட்டார்.

இங்கே z என்பது கலப்பு எண். அதைத் தாளில் ஒரு புள்ளியாக நினைத்துக்கொண்டால் போதும். நடுவில் இருக்கும் ஆதிப்புள்ளியிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு தூரமோ அதுதான் அதன் மட்டு மதிப்பு. இரண்டு கலப்பு எண்களைப் பெருக்கினால் தூரங்கள் பெருகும், கோணங்கள் கூடும். இந்த இரண்டாவது செய்திதான் நமக்கு முக்கியம்.

z-ஐ ஒரு வட்டத்தின் மேல் ஒரு முழுச் சுற்று நகர்த்துவோம். a என்பது வட்டத்துக்குள் இருக்கும் ஏதோ ஒரு புள்ளி. a-இலிருந்து z-க்கு ஓர் அம்பு வரைந்தால், z ஒரு சுற்று முடிக்கும்போது அம்பும் ஒரு முழுச் சுற்று திரும்பியிருக்கும். a வட்டத்துக்கு வெளியே இருந்தால் அம்பு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடிவிட்டு, புறப்பட்ட நிலைக்கே வந்து நிற்கும். நிகரச் சுற்று பூச்சியம். அந்த அம்புதான் z − a. எந்தப் பல்லுறுப்புக் கோவையும் இப்படிப்பட்ட காரணிகளின் பெருக்கம். பெருக்கும்போது கோணங்கள் கூடுவதால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு மூலமும் தன் பங்குக்கு ஒரு சுற்றைச் சேர்க்கிறது, வெளியே இருப்பவை எதையும் சேர்ப்பதில்லை. ஆக, z வட்டத்தை ஒருமுறை சுற்றும்போது கோவையின் மதிப்பு ஆதிப்புள்ளியை எத்தனை முறை சுற்றுகிறதோ, அத்தனை மூலங்கள் வட்டத்துக்குள் இருக்கின்றன. ஒரே இடத்தில் இரண்டு மூலங்கள் சேர்ந்திருந்தால் இரண்டாகவே எண்ண வேண்டும்.

ரூஷே செய்தது இதற்கு அடுத்த படி. பாட்டி அரசமரத்தைச் சுற்றுகிறார், பேரன் அவர் பக்கத்திலேயே ஓடியாடி வருகிறான். பாட்டிக்கும் மரத்துக்கும் உள்ள தூரத்தைவிட, பாட்டிக்கும் பேரனுக்கும் உள்ள தூரம் எப்போதும் குறைவு. அப்படியானால் பேரன் மரத்துக்கு அந்தப் பக்கம் நழுவிப் போய்ச் சுற்றை ஏமாற்ற வழியே இல்லை. பாட்டி நான்கு சுற்று முடித்தால் அவனும் நான்கு முடித்திருப்பான். மரம்தான் ஆதிப்புள்ளி, பாட்டி f என்ற சார்பு, பேரன் f + g. வட்டத்தின் மேல் ஒவ்வொரு புள்ளியிலும் |g| < |f| என்றால், வட்டத்துக்குள் f-க்கு எத்தனை பூச்சியங்களோ f + g-க்கும் அத்தனையே. சரிபார்க்க வேண்டியது விளிம்பில் மட்டும். உள்ளே எட்டிப் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

இப்போது நம் சமன்பாட்டுக்கு வருவோம். ஆரம் 2 உள்ள வட்டத்தில் z⁴-இன் மட்டு 16. மீதியுள்ள 6z + 3, எவ்வளவு போனாலும் 12 + 3 = 15-ஐத் தாண்டாது. 16 பெரியது, எனவே z⁴-தான் பாட்டி. z⁴-க்கு நான்கு பூச்சியங்கள், நான்கும் ஆதிப்புள்ளியிலேயே குவிந்திருக்கின்றன. ஆகவே நம் கோவையின் நான்கு மூலங்களும் இந்த வட்டத்துக்குள்ளேதான்.

ஆரத்தை 1 ஆக்கினால் ஆள் மாறுகிறது. z⁴-இன் மட்டு 1, 3 சேர்த்தாலும் 4-க்கு மேல் போகாது. 6z-இன் மட்டு 6. இப்போது 6z-தான் பாட்டி, அதற்கு ஒரே பூச்சியம். எனவே இந்த வட்டத்துக்குள் ஒரே மூலம், மற்ற மூன்றும் 1-க்கும் 2-க்கும் இடையில்.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடும். ஆனால் ஆரம் முழு எண்ணாக இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே! 1.6 என்று எடுத்தால் 6z-க்கு 9.6, எதிர்ப்பக்கம் 6.5536 + 3 = 9.5536. மயிரிழையில் 6z ஜெயிக்கிறது. ஆக அந்த மூன்று மூலங்களும் 1.6-க்கும் 2-க்கும் இடையிலான ஒல்லியான வளையத்தில் மாட்டிக்கொண்டன. கணினியில் போட்டுப் பார்த்தால் மூலங்கள் ஏறத்தாழ −0.511, −1.604, 1.06 ± 1.59i. கடைசி இரண்டின் தூரம் சுமார் 1.91. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

1.7-ஐப் போட்டால் என்ன? 6z-க்கு 10.2, z⁴-க்கு 8.35, கூட ஒரு 3. எந்த உறுப்பும் மற்ற இரண்டின் கூட்டலை மிஞ்சவில்லை. மாணவர்கள் வழுக்கும் இடம் இதுதான். நிபந்தனை பொருந்தவில்லை என்றால் எண்ணிக்கை வேறு என்று பொருளல்ல. இந்தப் பிரிப்பை வைத்துத் தேற்றம் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வேறு ஆரமோ, கோவையை வேறு விதமாகப் பிரிப்பதோ கைகொடுக்கலாம்.

இன்னொரு வழுக்கல், ‘குறைவு’ என்பதைச் ‘சமமாகவும் இருக்கலாம்’ என்று தளர்த்துவது. ஆரம் 1 உள்ள வட்டத்தில் f = z, g = 1 என்று எடுங்கள். இரண்டின் மட்டும் 1. f-க்கு வட்டத்துக்குள் ஒரு பூச்சியம். z + 1-இன் ஒரே பூச்சியமோ −1, வட்டத்தின் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பேரன் மரத்தில் முட்டிக்கொண்டான், சுற்று எண்ணிக்கைக்கே அர்த்தமில்லாமல் போய்விட்டது. அதேபோல 1/z மாதிரி, வட்டத்துக்குள் எங்கேயாவது முடிவிலிக்குப் பாயும் சார்புகளையும் இதில் அப்படியே போடக் கூடாது. அந்த இடங்கள் எதிர்த் திசையில் சுற்றைக் குறைத்துவிடும்.

கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் z⁵ + 15z + 1 = 0-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம் 2-லும் பிறகு 1.5-லும் எந்த உறுப்பு பெரியது என்று பாருங்கள். இடைப்பட்ட வளையத்தில் நான்கு மூலங்கள் என்று வந்தால் உங்கள் கணக்கு சரி.