வாசல் வரை – 7: மூன்று சத்திரப்பட்டிகள்

மதுரை தல்லாகுளத்தில் தமுக்கம் மைதானத்தை ஒட்டிப் போகும் சாலைக்கு அழகர்கோவில் ரோடு என்று பெயர். அங்கே பின்கோடு 625002. அதே ரோட்டில் வடக்கே புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி என்று ஒவ்வொன்றாகத் தாண்டிச் சுமார் இருபது கிலோமீட்டர் போனால்தான் கள்ளழகர் இருக்கும் அழகர்கோவில். அங்கே பின்கோடு 625301.

ஆர்டர் எழுதுபவர் ‘ரோடு’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் போதும், தல்லாகுளத்துக்குப் போகவேண்டிய பார்சல் மலையடிவாரத்துக்குப் போய்விடும். அழகர்கோவில்காரர் முகவரியில் யாராவது பழக்கத்தில் ‘ரோடு’ சேர்த்துவிட்டால், அவருடைய பார்சல் டவுனுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தத் தவறைப் பார்சல் கிளம்பும் முன்பே பிடிக்க வழி உண்டு. சீட்டில் ‘அழகர்கோவில்’ என்று ஊர் இருக்கிறது, பின்கோடு 625002 என்று இருக்கிறது என்றால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. அந்த இடத்தில் பேக்கிங் செய்பவர் தானாக ஒன்றைத் திருத்தக்கூடாது. எது சரி என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. போனில் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: “கோவில் பக்கமாண்ணே, டவுனுக்குள்ளயா?”

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் எழுதப்பட்ட முகவரிகள் என்று தபால் பிரிப்பவர்கள் தடுமாறியதற்குத் தீர்வாகத்தான் ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் அதை வடிவமைத்தார். ஆறு இலக்கங்களில் முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும். கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும். அதாவது பின்கோடு சொல்வது அஞ்சலகத்தை, ஊரை அல்ல. நாட்டில் பின்கோடுகள் சுமார் 19,000. அஞ்சலகங்களோ ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஒரு எண்ணின் கீழ் சராசரியாக எட்டு அஞ்சலகங்கள், அவை ஒவ்வொன்றின் கீழும் பல ஊர்கள் என்று கணக்கு விரியும். அதனால்தான் பின்கோடு சரியாக இருந்தும் ஊர்ப்பெயர் அரைகுறையாக இருந்தால் பார்சல் வாசலுக்கு வராது.

அரைகுறை ஊர்ப்பெயர் என்றால் மதுரைப் பக்கம் முதலில் தொலைவது இனிஷியல்தான். அழகர்கோவில் வட்டாரத்திலேயே அ.வல்லாளப்பட்டி இருக்கிறது. டி.கல்லுப்பட்டியும் எம்.கல்லுப்பட்டியும் ஒரே மதுரை மாவட்டத்தில் இருக்கும் இரண்டு வேறு ஊர்கள். பேச்சில் யாரும் இனிஷியலைச் சொல்வதில்லை. உள்ளூரில் ‘கல்லுப்பட்டி’ என்றாலே புரியும். அதே பழக்கத்தில் ஆர்டர் படிவத்திலும் எழுதுகிறார்கள். சில நேரம் எழுதுபவர் அந்த ‘எம்.’மை ஆளின் பெயருக்கு முன்னால் போட்டுவிடுகிறார். அடித்தல் திருத்தல் இல்லாத அழகான முகவரி, ஆனால் ஊர் இல்லை.

இப்படி ஒரு சீட்டை எடுத்துக்கொள்வோம். மதுரையில் வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பில் புடவை விற்கும் ஒரு பெண்ணுக்கு வந்த ஆர்டர். நடுத்தெரு, பிள்ளையார் கோவில் அருகில், சத்திரப்பட்டி, மதுரை வழி. பின்கோடு 626 என்று தொடங்குகிறது. போன் நம்பரில் ஒன்பது இலக்கம்.

கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தால் இந்த முகவரி தேறிவிடும். 626-ல் தொடங்கும் பகுதியில், ராஜபாளையத்துக்குப் பக்கத்தில், மருத்துவத் துணிக்குப் பெயர்போன சத்திரப்பட்டி உண்மையிலேயே இருக்கிறது. 624-ல் தொடங்கும் திண்டுக்கல் பக்கத்தில், ஒட்டன்சத்திரம் அருகே இன்னொரு சத்திரப்பட்டி. 625-ல் மதுரைக்கு எம்.சத்திரப்பட்டி. அடுத்தடுத்த மூன்று எண்களில் மூன்று சத்திரப்பட்டிகள். விரல் ஒரு கட்டம் தள்ளிப் பட்டால் பார்சல் வேறு மாவட்டத்தில் இறங்கும். ஊரும் பின்கோடும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது மட்டும் இங்கே போதாது. மூன்றாவது சாட்சி வேண்டும். இந்தச் சீட்டில் அது ‘மதுரை வழி’ என்ற இரண்டு சொற்கள். 626-க்கும் மதுரைக்கும் ஒத்துவரவில்லை.

போன் நம்பர் குறையாக இருப்பதால் அதில் கூப்பிட முடியாது. ஆனால் ஆர்டர் வந்த வாட்ஸ்அப் எண் இருக்கிறதே. விற்பவர் அதில் பேசினார்.

“அக்கா, உங்க ஊர்ல பஸ் ஏறினா எந்த டவுனுக்குப் போவீங்க?”

“மதுரைக்குத்தாம்மா. எம்.சத்திரப்பட்டின்னு சொல்லலையா நான்?”

ஊர் கிடைத்துவிட்டது. ‘உங்கள் மாவட்டம் எது, தாலுகா எது’ என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். தாலுகா எல்லைகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. பஸ் எங்கே போகும் என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. ராஜபாளையம் என்றோ ஒட்டன்சத்திரம் என்றோ பதில் வந்திருந்தால் அதுவும் தெளிவான விடைதான்.

அடுத்தது போன் நம்பர். அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னதும் காரணம் தெரிந்தது. வாடிக்கையாளர் ‘ரெட்டை நாலு’ என்று சொன்னதை எழுதியவர் ஒற்றை நாலாக எழுதியிருந்தார். ஒன்பது இலக்கம் வரும்போது முதலில் சந்தேகப்படவேண்டியது இந்த ரெட்டையைத்தான். எண்ணைத் திரும்பப் படிக்கும்போது ரெட்டை, டபுள் என்று சொல்லாமல் ‘நாலு, நாலு’ என்று ஒவ்வொன்றாகப் படிப்பது நல்லது.

குறையும் எண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம். பத்து இலக்கம் வேண்டும், முதல் இலக்கம் 6, 7, 8, 9-ல் ஒன்றாக இருக்கவேண்டும். கஷ்டம், பத்து இலக்கமும் இருந்து நடுவில் ஒன்று மாறியிருப்பதுதான். ஆதார் எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே இருக்கிறது. ஒரு இலக்கம் மாறினால் கணக்கு இடித்துக் காட்டிக்கொடுக்கும். செல்போன் எண்ணில் அப்படி எதுவும் கிடையாது. தவறான எண் இன்னொருவருடைய சரியான எண்ணாக இருக்கும். அடித்துப் பார்த்துப் பெயர் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய வாடிக்கையாளரின் எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்க விதி இடம் தருகிறது. போன தீபாவளிக்குப் புடவை வாங்கியவரின் எண் இந்தத் தீபாவளிக்கு யாரோ ஒருவர் கையில் இருக்கலாம்.

ஊரும் எண்ணும் சரியான பிறகு வீடு. அஞ்சல் துறை, ஐஐடி ஹைதராபாத், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய, 2025 மே மாதம் வெளியான டிஜிபின் இங்கே உதவும். நாட்டைப் பெரிய சதுரமாக எடுத்துக்கொண்டு அதைப் பதினாறு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி பதினாறாகப் பிரித்து, இப்படிப் பத்து முறை செய்கிறார்கள். கடைசியில் கிடைப்பது சுமார் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டம். அதன் குறியீடு பத்து எழுத்து. தெருப்பெயரே இல்லாத தோட்டத்து வீட்டுக்கும் ஒரு குறியீடு உண்டு.

ஆனால் அதை எடுக்கும் போன் அந்த வீட்டு வாசலில் இருக்கவேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் புடவை வாங்குகிறாள். ‘என் இருப்பிடம்’ என்று அழுத்தினால் வருவது வேளச்சேரி. எம்.சத்திரப்பட்டி சீட்டில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஆர்டர் போட்டவர் ஒருவர், பார்சலை வாங்கப்போகிறவர் வேறொருவர். விற்பவர் மூன்றாவது கேள்வியாக, “அக்கா, வாங்கிக்கப்போறது நீங்கதானா?” என்று கேட்டபோதுதான் அது தெரிந்தது. வீட்டில் பகலில் இருப்பது மாமியார், அவருக்கு வேறு போன். அந்த எண்ணும் சீட்டில் ஏறியது. பார்சல்காரர் போன் வந்தால் எடுக்கச் சொல்லி முன்கூட்டியே வீட்டில் சொல்லிவைக்கவும் முடிந்தது.

கேட்டது மூன்று கேள்விகள், பேசியது நாலைந்து நிமிடம். பார்சல் திரும்பி வந்திருந்தால் போன கூலி, வந்த கூலி இரண்டும் அந்தப் பெண்ணின் கையிலிருந்து போயிருக்கும். இப்போது அவருடைய வாட்ஸ்அப் ஆர்டர் படிவத்தில் பின்கோடுக்குக் கீழே இரண்டு வரி கூடியிருக்கிறது: ‘பஸ் எந்த டவுனுக்கு?’, ‘பகல்ல வீட்ல யாரு, அவங்க நம்பர்?’

(தொடரும்)