உஷார்! பேண்ட் 7 இருந்தும் கனடாவில் கைவிரிக்கிறார்கள்

போன ஜனவரியில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு போன் அடித்தது. ஒன்டாரியோவில் எம்.எஸ். முடித்திருந்த என் அக்கா மகள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். "மாமா, ஒர்க் பர்மிட் அப்ளிகேஷன்ல இங்கிலீஷ் டெஸ்ட் ரிசல்ட் கேட்கிறாங்க. என்கிட்ட ஐஇஎல்டிஎஸ் இருக்கே, அது போதாதா?"

போதாது. அவளிடம் இருந்தது 2023 ஆகஸ்டில் எழுதிய அகாடமிக் தேர்வு. மொத்தம் 7. அந்த மதிப்பெண்ணுக்கு இரண்டு ஓட்டைகள் இருந்தன. இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் 2025 ஆகஸ்டோடு அது காலாவதி. காலாவதி ஆகாமல் இருந்திருந்தாலும் உதவியிருக்காது. ஏனென்றால், அந்த வேலை அனுமதிக்கு கனடாவின் குடியேற்றத் துறை அகாடமிக் தேர்வை ஏற்பதே இல்லை.

பதினான்கு வருடமாக இந்தத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். என் வீட்டுப் பெண்ணுக்கே நான் முன்கூட்டிச் சொல்லவில்லை. இன்று அதே இடத்தில் எத்தனையோ பிள்ளைகள் நிற்கிறார்கள் என்பதால்தான் அவசரமாக இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்றால், 2024 நவம்பர் 1 முதல் கனடா விதியை மாற்றியது. அந்தத் தேதிக்குப் பிறகு படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் யாரும் மொழித் தேர்வு முடிவைச் சேர்த்தே அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் விமானம் ஏறியவர்களுக்கும் இது பொருந்தும். பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவர்களுக்கு கனடாவின் மொழி அளவுகோலில் 7-ஆம் நிலை வேண்டும். அங்கே இதை சி.எல்.பி. 7 என்பார்கள். கல்லூரி டிப்ளமோ படித்தவர்களுக்கு சி.எல்.பி. 5 போதும். ஆங்கிலத்தில் மூன்று தேர்வுகள்தான் செல்லும்: ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெயினிங், செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா என்று தனி வழி இருக்கிறது.

இந்தப் பட்டியலில் எது இல்லை என்று பாருங்கள். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் இல்லை. பிடிஇ அகாடமிக் இல்லை. டோஃபல் இல்லை. டூயோலிங்கோவும் இல்லை. அதாவது, இங்கிருந்து அட்மிஷனுக்காக நம் பிள்ளைகள் எழுதிவிட்டுப் போகும் தேர்வுகள் அத்தனையும் வெளியே நிற்கின்றன. கல்லூரி வாசலைத் திறந்த சாவி வேலை அனுமதியின் பூட்டுக்குப் பொருந்தாது.

பெயர்தான் இங்கே ஏமாற்றுகிறது. பிடிஇ அகாடமிக், பிடிஇ கோர் இரண்டையும் நடத்துவது ஒரே நிறுவனம். கனடா 2024 ஜனவரி கடைசியில் ஏற்கத் தொடங்கியது கோரை மட்டும். "பிடிஇ-யும் கனடாவில் செல்லும்" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அகாடமிக்கில் பணம் கட்டியவர்கள் என் வகுப்புக்கே வந்திருக்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ்ஸும் அப்படித்தான். லிசனிங், ஸ்பீக்கிங் இரண்டு வகைக்கும் ஒன்று. ரீடிங்கும் ரைட்டிங்கும் வேறு. அகாடமிக்கில் முதல் எழுத்துப் பணி ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிப்பது, ஜெனரலில் கடிதம். மதிப்பெண் சான்றின் மேல்பக்கத்திலேயே எந்த வகை என்று இருக்கும். அதிகாரி முதலில் பார்ப்பது அதைத்தான்.

என் அக்கா மகளிடம் அங்கிருந்த ஒரு ஆலோசகர், "அகாடமிக்கே கஷ்டமான தேர்வு, அதிலேயே ஏழு வாங்கியிருக்கிறாய், தைரியமாகப் போடு" என்றாராம். நல்லவேளை, போடுவதற்கு முன் எனக்குப் போன் செய்தாள். போட்டிருந்தால் விண்ணப்பம் மறுக்கப்பட்டிருக்கும். இந்த வேலை அனுமதி வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும். படிப்பு முடிந்ததாகக் கல்லூரி உறுதி செய்ததிலிருந்து 180 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும், படிப்பு அனுமதியோ அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும்.

உடனே ஜெனரலுக்குப் பதிவு செய்தாள். கட்டணம் 300 கனடிய டாலருக்கு மேல். "ஜெனரல்தானே மாமா, ஈஸிதான்" என்று ஒரு வாரம் மட்டும் புரட்டிவிட்டுப் போனாள். முடிவு வந்தது: லிசனிங் 7, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6.5, ரீடிங் 5.5. சி.எல்.பி. 7 வேண்டுமென்றால் நான்கிலும் தனித்தனியாக 6 வேண்டும். சராசரி 6.5 என்று வந்தது, அதை கனடா பார்ப்பதில்லை. ரீடிங் 5.5 என்றால் சி.எல்.பி. 6. ஒரே ஒரு பகுதியில் அரைப் புள்ளி குறைந்ததால் முழுத் தேர்வும் வீண்.

அகாடமிக்கில் ஏழு வாங்கியவள் எப்படிச் சறுக்கினாள்? இதைப் பெற்றோர்கள் கவனமாகப் படியுங்கள். இரண்டிலும் ரீடிங் நாற்பது கேள்விகள். ஜெனரலில் பத்திகள் எளிது என்பதால் மதிப்பெண் கணக்கு கறாராக இருக்கும். அகாடமிக்கில் பேண்ட் 6 வாங்க ஏறத்தாழ 23 விடை சரியாக இருந்தால் போதும். ஜெனரலில் அதே 6-க்கு 30 சரியாக வேண்டும். அகாடமிக்கில் அந்த 30 விடைக்கு 7 கொடுப்பார்கள். எளிதான தாள்தான், தவறு செய்யத்தான் இடம் இல்லை. அவசரத்தில் ஐந்து கேள்வியைக் கோட்டை விட்டாலே பேண்ட் இறங்கிவிடும். மூன்று வாரம் உட்கார்ந்து பழைய தாள்களை நேரம் வைத்துச் செய்தாள், இன்னொரு 300 டாலர் கட்டினாள், இரண்டாம் முறை ரீடிங் 6.5 வந்தது. விண்ணப்பம் தப்பியது. அந்த இரண்டு மாதம் அவள் தூங்கவில்லை, என் அக்காவும் தூங்கவில்லை.

அப்படியென்றால் கிளம்பும்போதே ஜெனரலையும் எழுதிவிடலாமே என்று கேட்பீர்கள். இரண்டு வருடப் படிப்புக்குப் போகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தியாவில் ஐஇஎல்டிஎஸ் கட்டணம் பதினெட்டாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கிறது. படிப்பு முடிவதற்குள் அது காலாவதியாகிவிடும், பணம் தண்டம். அட்மிஷனுக்கு உங்கள் பல்கலைக்கழகம் எதை ஏற்கிறதோ அதில் விலை குறைந்ததை எழுதுங்கள். ஐஇஎல்டிஎஸ் கட்டணத்தில் பாதிக்கும் கீழே டூயோலிங்கோ கிடைக்கிறது, உங்கள் துறை அதை ஏற்றால் தாராளமாக எழுதலாம். கல்லூரிக்கு மட்டும்தான் அது, வேறு எங்கும் நீட்டக் கூடாது என்பதை மனதில் வைத்தால் சரி. மிச்சப்படும் பணத்தை கடைசி செமஸ்டரில் எழுதப்போகும் ஜெனரலுக்கு எடுத்து வையுங்கள்.

கடைசி செமஸ்டர் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்போது எழுதும் ஒரே தேர்வை இரண்டு இடத்தில் பயன்படுத்தலாம். 2026 டிசம்பரில் படிப்பு முடிகிறது, நவம்பரில் ஜெனரல் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். முதலில் வேலை அனுமதிக்கு அது போகும். பிறகு ஒரு வருடம் அங்கே வேலை பார்த்து, 2028 தொடக்கத்தில் நிரந்தரக் குடியுரிமைக்காக எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பெயர் போடும்போதும் அதே மதிப்பெண் உயிரோடு இருக்கும். நவம்பர் 2028 வரை. ஆனால் பெயர் போடும் நாளில் செல்லுபடியானால் மட்டும் போதாது. அழைப்பு வந்த பின் 60 நாளுக்குள் முழு விண்ணப்பம் அனுப்புவீர்கள் அல்லவா, அந்த நாளிலும் செல்லுபடியாக வேண்டும். ஆகவே 2028 கோடையிலும் அழைப்பு வரவில்லை என்றால் காத்திருக்காமல் மறுபடி எழுதிவிடுங்கள்.

ஆறு வாங்கினால் வேலை அனுமதி கிடைத்துவிடும் என்று அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். நிரந்தரக் குடியுரிமையில் புள்ளிக் கணக்கு வேறு. சென்னையிலிருந்தே விண்ணப்பித்த ஒரு மாணவரின் கணக்கைச் சொல்கிறேன். திருமணமாகாதவர், முதுகலைப் பட்டம், மூன்று வருட வேலை. ஜெனரலில் ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் மூன்றும் 7. லிசனிங் 7.5. அவருக்கு ஒரே சந்தோஷம், லிசனிங்தான் அதிகம் என்று. நான் தலையில் கை வைத்தேன். சி.எல்.பி. 9-க்கு மற்ற மூன்றிலும் 7 போதும், லிசனிங்கில் மட்டும் 8 வேண்டும். 7.5 என்பது சி.எல்.பி. 8. லிசனிங்கில் நேரடியாகப் போனது 8 புள்ளிதான். ஆனால் நான்கிலும் சி.எல்.பி. 9 இருந்தால்தான் பட்டத்துக்கும் மொழிக்கும் சேர்த்துத் தரும் 50 முழுசாகக் கிடைக்கும், இல்லையென்றால் 25. வெளிநாட்டு வேலை அனுபவத்துக்கும் அப்படியே 50-க்குப் பதில் 25. கூட்டினால் 58 புள்ளி. அரை பேண்டுக்கு 58 புள்ளி! இப்படிப்பட்ட நிலையில் இன்னொரு தேர்வுக் கட்டணத்தைச் செலவென்று நினைக்காதீர்கள். அவரை மறுபடி எழுத வைத்தேன், 8.5 வந்தது.

ஜெனரலா, பிடிஇ கோரா, செல்பிப்பா என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் ஆளைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். ஐஇஎல்டிஎஸ்ஸில் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து பேசுவார், கூச்சமில்லாதவர்களுக்கு அது சௌகரியம். மற்ற இரண்டிலும் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேச வேண்டும், பக்கத்து இருக்கைக்காரரின் குரலும் காதில் விழும். மூன்றுக்கும் கனடாவில் மதிப்பு ஒன்றுதான், ஒன்று உசத்தி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு இதன் மறுபக்கம் காத்திருக்கிறது. "ஐஇஎல்டிஎஸ் ஃபார் யுகேவிஐ" என்று ஒன்று இருக்கிறது. அகாடமிக்கின் அதே தாள் அமைப்பு, அதே கேள்வி வகைகள், ஆனால் பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் எழுத வேண்டும், கட்டணமும் கூடுதல். விசாவுக்கு அரசு அங்கீகரித்த தேர்வு கட்டாயம் என்றால் சாதாரண அகாடமிக் செல்லாது. பட்டப்படிப்புக்குப் போகும்போது பல பல்கலைக்கழகங்கள் ஆங்கிலத்தைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ள அனுமதி பெற்றிருக்கின்றன, அங்கே இந்தக் கூடுதல் பணம் தேவையே இல்லை. பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, "என் விசாவுக்கு அரசு அங்கீகரித்த தேர்வு வேண்டுமா, நீங்களே மதிப்பிடுவீர்களா" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக முகவர் சொன்னது விசா அதிகாரியிடம் எடுபடாது.

கனடாவில் இப்போது கடைசி செமஸ்டரில் இருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்று இரவே வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: "உன் சான்றிதழில் அகாடமிக் என்று இருக்கிறதா, ஜெனரல் என்று இருக்கிறதா? எழுதிய தேதி என்ன?" அகாடமிக் என்று பதில் வந்தால், தேர்வுக்கு நாளையே இடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். படிப்பு முடியும் மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுவதால் நல்ல தேதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன.