மாடி போர்ஷனுக்கு வந்த வாட்ஸ்அப்

எங்கள் வீடு நங்கநல்லூரில். கீழே நானும் மனைவியும், மாடியில் ஒரு படுக்கையறை போர்ஷன். வாடகை 12,000. கேட்டில் டூ-லெட் போர்டு தொங்கவிட்ட அன்றே போன் அடிக்கத் தொடங்கிவிடும். அதில் பாதி, "சார், பேச்சுலருக்குத் தருவீங்களா?" என்றுதான் ஆரம்பிக்கும். "வீட்டுல கேட்டுச் சொல்றேம்ப்பா" என்பேன். இல்லை என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. முன்பு இருந்த பையன் "மூணு வருஷம் நகர மாட்டேன் சார்" என்றான். ஏழாவது மாதம் வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டான். அடுத்த ஆள் வர ஒன்றரை மாதம் ஆனது, அந்த வாடகை 18,000 போயிற்று. வெள்ளையடித்து, குழாய் மாற்றியதில் 14,000. புரோக்கருக்கு அரை மாத வாடகை 6,000. வழக்கப்படி அட்வான்ஸில் ஒரு மாதம் பிடித்தது போக, 26,000 கைவிட்டுப் போனது. வீட்டுக்காரர்கள் "எத்தனை வருஷம் இருப்பே?" என்று குடைவது இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான். வாடகை வராதோ என்ற கவலையைவிட, ஆள் சீக்கிரம் கிளம்பிவிடுவானோ என்ற கவலைதான் பெரிது. அதைவிடப் பெரிது, ஒருவன் பெயரில் வாடகைக்கு எடுத்து நான்கு பேர் குடியிருப்பது. சம்ப்பில் தண்ணீர் குறையும் வேகத்திலேயே அது தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்துவிட்டுப் போன பையனிடமும் வழக்கம்போல் "கேட்டுச் சொல்றேன்" என்றேன். அன்று இரவே வாட்ஸ்அப்பில் இது வந்தது:

"வணக்கம் சார். மாடி போர்ஷன் பார்த்துவிட்டுப் போனேன். நீங்களும் அம்மாவும் யோசிக்க வசதியாக என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான்கு வருடமாக வேலை. கைக்கு வருவது 41,000, மாதக் கடைசி நாள் அக்கவுண்டில் ஏறிவிடும். வாடகையை 5ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுவேன். தங்கப்போவது நான் ஒருவன்தான். மாதம் ஒரு ஞாயிறு நண்பர்கள் இரண்டு பேர் வருவார்கள், இரவு தங்க மாட்டார்கள். அவ்வப்போது அம்மா ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் இருப்பார். மாதத்தில் ஒரு வாரம் இரண்டாவது ஷிஃப்ட், அப்போது திரும்ப இரவு 11.30 ஆகும். பைக்கைத் தெருமுனையிலேயே ஆஃப் செய்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவேன். சிகரெட் உண்டு, வீட்டுக்குள் பிடிக்க மாட்டேன். மீன், முட்டை சமைப்பேன், அதில் உங்களுக்குச் சங்கடம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். எப்படியும் ஒன்றரை வருடம் இருப்பேன். காலி செய்வதானால் இரண்டு மாதம் முன்பே சொல்வேன். இப்போதிருக்கும் வீட்டுக்காரரின் நம்பர் கீழே இருக்கிறது. நான் காலி செய்வது அவருக்குத் தெரியும், பேசிப் பாருங்கள்."

மனைவியிடம் படித்துக் காட்டினேன். "சிகரெட் பிடிப்பேன்னு எழுதியிருக்கானா? அப்ப மத்ததும் நிஜமாத்தான் இருக்கும்" என்றாள்.

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. "குடிக்க மாட்டேன், நண்பர்கள் வர மாட்டார்கள், அமைதியாக இருப்பேன்" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். அதைச் சரிபார்க்க வழியில்லை என்பதால் மதிப்பும் இல்லை. யாரும் வரவே மாட்டார்கள் என்று சொன்னவன் வீட்டில் முதல் மாதமே ஒரு நண்பன் வந்தால், அவன் சொன்ன மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். இரண்டு பேர் வருவார்கள் என்று முன்பே சொன்னவன் வீட்டில் இரண்டு பேர் வந்தால், ஒரு சந்தேகமும் எழாது. இரவு 11.30 விஷயமும் அப்படியே. முதல் வாரம் தெரியாமல் கேட்டைப் பூட்டிவிட்டு, நடு இரவில் எழுந்து திறக்க நேர்ந்திருந்தால் நான் எரிந்து விழுந்திருப்பேன். முன்கூட்டியே தெரிந்ததால் ஒரு சாவி கொடுத்தேன்.

மீன் விவகாரத்தைப் பற்றி ஒன்று. சமையலைக் கேட்கும் பல வீட்டுக்காரர்கள் உண்மையில் கேட்பது சாதியை. அப்படிப்பட்ட வீடா என்று குடிபோகும் முன்பே தெரிந்துகொள்வது அந்தப் பையனுக்குத்தான் நல்லது.

சம்பளத்தை வாயால் சொன்னால் போதுமா? போதாது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு காட்டச் சொன்னேன். நேரில் கொண்டுவந்து காட்டினான், வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. அதுதான் சரி. ஆதாரையும் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாராகக் கொடுத்தான். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். 41,000-இல் 12,000 என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. பாதிச் சம்பளம் வாடகைக்குப் போகிறவன் ஆறு மாதத்தில் அறைத்தோழன் தேடுவான் என்பது என் அனுபவம்.

அந்தச் செய்தியில் விட்டுப்போனது ஒன்றுதான். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், பழைய வரிமுறையில் வாடகைப்படிக்குக் கழிவு கேட்கும் ஊழியர் வீட்டுக்காரரின் பான் எண்ணை ஆபீசில் கொடுக்க வேண்டும். 12,000 வீதம் வருடத்துக்கு 1,44,000 ஆகிறது. பலர் இதை ஜனவரியில், ஆபீஸ் கெடு வைத்த பிறகு கேட்பார்கள். வாடகையைக் கணக்கில் காட்டாத வீட்டுக்காரர் முறைப்பார், அங்கே ஆரம்பிக்கும் மனஸ்தாபம். கேட்டதற்கு, "நான் புதிய வரிமுறை சார், பான் தேவையில்லை" என்றான். இதையும் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அடுத்து, அவன் கொடுத்த நம்பருக்குப் பேசினேன். மறுமுனையில் ஒரு பெரியவர். "ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை வாடகை லேட்டாச்சு. அதையும் முன்னாடியே சொல்லிட்டான். பாத்ரூம் பல்பை மட்டும் அணைக்கவே மாட்டான்" என்றார். அந்தப் பல்பு குறைதான் என்னை முழுசாக நம்ப வைத்தது. வெறும் பாராட்டு மட்டும் வந்திருந்தால், அது நண்பனின் நம்பரோ என்று தோன்றியிருக்கும்.

ஒப்பந்தமும் போட்டோம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதினோரு மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம் என்ற பழைய பேச்சு இங்கே செல்லாது. வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. நான் ஐந்து மாதம் கேட்டு, மூன்றுக்கு இறங்கி, 36,000 வாங்கினேன். இரண்டு மாத நோட்டீஸ் என்று அவன் எழுதியதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டோம். எழுதிக் கொடுக்கத் தயங்காதவனின் வாக்குறுதிக்கு எடை அதிகம்.

பையன் வந்து இப்போது பத்தொன்பது மாதம் ஆகிறது. போன வாரம் தட்டில் பூ, பழத்தோடு வந்து கல்யாணப் பத்திரிகை வைத்தான். கூடவே நோட்டீஸும் கொடுத்தான். பெண்ணுக்கு அம்பத்தூர் பக்கம் வேலையாம், அங்கேயே வீடு பார்க்கிறார்கள்.

இரண்டு மாதத்தில் மாடி போர்ஷன் காலியாகிறது. பாத்ரூமுக்குப் புது பல்பு போட்டாயிற்று. பேச்சுலர்களும் கேட்கலாம்.