திருஷ்டிப் பொட்டு எது, மச்சம் எது?

இன்றைய நானும் நான்கு வயது நானும் தோளோடு தோள் நிற்கும் படங்கள் 2025-இல் வாட்ஸ்அப்பை நிறைத்தன. கூகுள் ஜெமினியின் ‘நானோ பனானா’ அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்ததும் அது எளிதாகிவிட்டது. இரண்டு போட்டோ கொடுத்தால் போதும், படம் வந்துவிடும். ஆனால் அதில் நிற்கும் குழந்தை பெரும்பாலும் வேறு யாரோ.

குழந்தை முகம் அப்படியே பெரிதாகி பெரியவர் முகமாவதில்லை. கண்கள் சின்ன வயதிலேயே பெருமளவு வளர்ந்துவிடுகின்றன. மூக்கும் தாடையும் பிறகுதான் நீள்கின்றன. இருவரும் ஒரே ஆள் என்று சொன்னதும், மென்பொருள் ஒரு முகத்தின் சாயலை இன்னொன்றில் ஏற்றிவிடுகிறது. குழந்தைக்குப் பெரியவரின் மூக்கு வந்துவிடும்.

என் தோழி ஒருத்தியின் படத்தைப் பாருங்கள். நான்கு வயதுப் படம் 1984-இல் ஸ்டுடியோவில் எடுத்தது, கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு. அதை மச்சமென்று எடுத்துக்கொண்ட மென்பொருள், இன்றைய தோழியின் கன்னத்திலும் ஒன்றை வைத்துவிட்டது. அவளுடைய உண்மையான மச்சமோ இடது புருவத்துக்கு மேல் இருக்கிறது. மென்பொருள் தந்த படத்தில் அது வலப்பக்கம் போயிருந்தது. காரணம், இன்றைய படமாகக் கொடுத்தது செல்ஃபி. சில போன்களில் முன்கேமரா கண்ணாடிபோல இடவலம் மாற்றியே சேமிக்கும். கையெட்டும் தூரத்தில் எடுப்பதால் மூக்கும் பெரிதாகத் தெரியும்.

அதனால் மறுபடி தொடங்கினோம். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, ஜன்னல் வெளிச்சத்தில், பின்கேமராவில், ஃபில்டர் இல்லாமல் இன்னொருவர் எடுத்த படம். பழைய படத்தை போனில் எடுக்காமல் ஸ்கேன் செய்தோம். அதில் முகம் ஒரு சென்டிமீட்டர்தான். 300 டிபிஐயில் அது சுமார் 118 புள்ளி அகலமே வரும், 600-இல் 236. அச்சில் இல்லாத நுணுக்கத்தை ஸ்கேனர் தராது. மென்பொருளும் கண்டுபிடிக்காது, கற்பனை செய்யும். முகம் மங்கலான குரூப் போட்டோவைக் கொடுத்தால் நடப்பது அதுதான்.

எழுதிய கட்டளை இவ்வளவே: “முதல் படம் நான்கு வயது, இரண்டாம் படம் இன்று. ஒவ்வொரு முகத்தையும் அதனதன் படத்திலிருந்து மட்டும் எடு. கன்னத்தில் இருப்பது மையிட்ட பொட்டு, குழந்தைக்கு மட்டும். மச்சம் இருவருக்கும் இடது புருவத்துக்கு மேல். அழகூட்டாதே. குழந்தை பெரியவளின் இடுப்பளவு உயரம். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து.”

வந்த படத்தை அசல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதலில் காதுமடல், பிறகு புருவத்தின் வளைவு, முன்நெற்றி முடிக்கோடு, பல் இடைவெளி. சிரிக்காத குழந்தையைச் சிரிக்கச் சொன்னால் பல்வரிசை முழுக்கக் கற்பனைதான். பால்பல்லுக்குப் பதில் பெரியவர் பல் வந்துவிடுவதும் உண்டு. திருத்தம் சொல்லிச் சொல்லி அதே படத்தையே மாற்றிக்கொண்டு போனால் முகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிவிடும். அசல் இரண்டையும் திரும்பக் கொடுத்துப் புதிதாகக் கேட்பதே மேல்.

கடைசிச் சோதனையாகத் தோழியின் அக்காவிடம் குழந்தையின் பகுதியை மட்டும் வெட்டிக் காட்டினோம், யாரென்று சொல்லாமல். முதலில் வந்த படத்தைப் பார்த்து, “யார் வீட்டுப் பொண்ணு இது?” என்றார். புதியதைப் பார்த்ததும் தங்கையின் செல்லப்பெயரைச் சொன்னார்.