நிமிர்த்தி விரித்த பாய்

பத்தமடைப் பாய் விற்கும் அண்ணாச்சி ஒருவருக்காக 40 விநாடி விளம்பரப் படம் ஒன்று எடுத்தோம். கூடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, சுருட்டி வைத்த கோரைப்பாயை இடமிருந்து வலமாக உருட்டி விரிக்கிறார். பாய் ஓடி முடிந்ததும் ஒரு குழந்தை வந்து குப்புறப் படுத்துக்கொள்கிறது. பிறகு நெசவின் மேல் ஒரு கை மெல்லத் தடவிப் போகிறது. கடைசியில் திரையின் அடியில் கடைப் பெயரும் கைபேசி எண்ணும். யூடியூபில் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. அதையே வெட்டி இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் போட்டோம். மறுநாள் காலையில் அண்ணாச்சியிடமிருந்து அழைப்பு.

“படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நம்பர எங்க காணோம்? பாயும் பாதிதானே தெரியுது?”

அவர் கேட்ட இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பாய் பாதியானது எப்படி என்பதை முதலில் பார்ப்போம். யூடியூபுக்கான படம் படுக்கைவசமானது. வழக்கமான அளவு அகலம் 1920 புள்ளி, உயரம் 1080 புள்ளி. ரீல்ஸ், ஷார்ட்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மூன்றும் கைபேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவை. அவற்றுக்கு அகலம் 1080, உயரம் 1920. படுத்த படத்திலிருந்து நின்ற படத்தை வெட்டி எடுத்தால், 1080 உயரத்துக்கு 607 புள்ளி அகலம்தான் கிடைக்கும். மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறு கீற்றை மறுபடி 1080 அகலத்துக்கு இழுத்தால் கோரையின் மெல்லிய இழைகள் மங்கிப்போகும். 4கே தரத்தில் எடுத்திருந்தால் கூர்மை தப்பும். ஏனென்றால் அதில் அதே கீற்று 1215 புள்ளி அகலம் இருக்கும். ஆனால் கூர்மை தப்பினாலும் காட்சி தப்பாது. இடமிருந்து வலமாக ஓடும் பாய்ச்சுருள், அந்தக் கீற்றுக்குள் நுழைந்து ஒரு நொடியில் வெளியே போய்விட்டது. விரிக்கிற பெண்ணே சட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டார்.

முழுப் படத்தையும் நடுவில் வைத்து, மேலும் கீழும் மங்கலான பின்னணி போட்டு நிரப்புகிற வழக்கம் ஒன்று உண்டு. மேடைப் பேச்சுக்கு அது போதும். நெசவைக் காட்டி விற்கிற பொருளுக்குப் போதாது. 1920 உயரத் திரையில் படம் 607 உயரத்துக்குச் சுருங்கிவிடும். பாயின் கரை நூலிழையாகத் தெரியும்.

நாங்கள் மறுபடி எடுத்தோம். சுருட்டினால் கையில் அடங்குகிற பொருள், விரித்தால் கூடத்தை நிறைக்கிறது: இந்தப் படத்தின் கரு அவ்வளவுதான். கருவை மாற்றவில்லை, விரிக்கும் திசையை மட்டும் மாற்றினோம். ஏணிப்படி மேலிருந்து கேமரா கீழே பார்க்கிறது. திரையின் மேல்பக்கத்தில் உட்கார்ந்த பெண், சுருளை நம்மை நோக்கித் தள்ளுகிறார். பாய் மேலிருந்து கீழாக இறங்கித் திரை முழுதும் நிறைகிறது. படுக்கைத் திரையில் பாயின் நீளம் அகலவாட்டில் ஓடியது. நின்ற திரையில் அதே நீளம் உயரவாட்டில் ஓடுகிறது. முதல் நாளே இரண்டு விதமாகவும் எடுத்திருந்தால் அரை மணி நேரம் கூடியிருக்கும், அவ்வளவுதான். எந்தெந்தத் திரைக்குப் போகப்போகிறது என்பதைப் படம் எடுத்த பிறகு யோசித்ததுதான் நாங்கள் செய்த தவறு.

இனி எண் காணாமல் போன கதை. பழைய குழாய் டிவிகளில் படத்தின் ஓரங்கள் சட்டத்துக்குள் மறைந்துபோகும் என்பதால், எழுத்துகளை நடுவிலுள்ள 80 சதவீதப் பகுதிக்குள் வைப்பது தொலைக்காட்சிக்காரர்களின் வழக்கம். கைபேசியில் நடப்பது வேறு. அங்கே படத்தின் மேல் செயலியின் சொந்த எழுத்துகள் வந்து உட்காருகின்றன. ரீல்ஸில் கீழே கணக்கின் பெயர், தலைப்பு வரி, பாட்டின் பெயர். வலப்பக்கத்தில் மேலிருந்து கீழாக விருப்பம், கருத்து, பகிர்வுப் பொத்தான்கள். ரீல்ஸ் விளம்பரங்களுக்கு மெட்டா நிறுவனம் தரும் பரிந்துரை, மேலே சுமார் 14 சதவீதம், கீழே சுமார் 35 சதவீதம், இரு பக்கமும் 6 சதவீதம் எழுத்தில்லாமல் விட வேண்டும் என்பது. புள்ளிக் கணக்கில் மேலே 270, கீழே 670, பக்கத்துக்கு 65. கழித்துப் பாருங்கள்: எழுத்துக்கு மிஞ்சுவது சுமார் 950 அகலம், 980 உயரம். நெடிய திரை முழுதும் நம்முடையது என்று நினைக்கிறோம். எழுத்து வைக்கக் கிடைப்பதோ ஏறக்குறைய ஒரு சதுரம். அதுவும் நடுவில் இல்லை, சற்று மேலே தள்ளியிருக்கிறது.

இந்தக் கணக்கை இன்னும் ஓரடி கொண்டுபோகலாம். அதே நின்ற படத்தின் நடுப்பகுதியைச் சதுரமாக வெட்டினால், மேலிருந்து 420ஆம் புள்ளி முதல் 1500 வரை கிடைக்கும். ரீல்ஸ் எழுத்துக்கான இடம் 270 முதல் 1250 வரை. இரண்டுக்கும் பொதுவானது 420 முதல் 1250 வரையுள்ள பட்டை. பெயரும் எண்ணும் அதற்குள் இருந்தால் ரீல்ஸ், சதுரப் பதிவு, 4:5 பதிவு எதிலும் வெட்டுப்படாது. 2025 முதல் இன்ஸ்டாகிராம் முகப்பில் 3:4 அளவில் தெரியும் சிறு படத்திலும் நிற்கும்.

தமிழுக்கென்று ஓர் ஆபத்து உண்டு. நம் மொழியில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. “தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது” என்று பராமரிப்புக் குறிப்பு ஒன்று போட்டிருந்தோம். அகலம் போதாமல் அது இரண்டு வரியாக உடைந்தது. “கூடாது” கீழ் வரிக்குப் போய், கணக்குப் பெயருக்கு அடியில் ஒளிந்துகொண்டது. மிஞ்சியது, பாயை ஊற வைக்கச் சொல்கிற வரி! மென்பொருள் அகலத்தைப் பார்த்து வரியை உடைக்கும், பொருளைப் பார்க்காது. நின்ற திரைக்கு வாக்கியத்தையே சிறிதாக்கி, “ஊற வைக்காதீர்கள்” என்று ஒரே வரியில் எழுதிவிட்டோம். வரி இடைவெளியையும் கூட்ட வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் மேல் வரியின் உகரச் சுழியும் கீழ் வரியின் இகரக் குறியும் முட்டிக்கொள்கின்றன.

நீளத்துக்கு வருவோம். யூடியூபில் பார்ப்பவர் தாண்டிப் போக முடியாத பம்பர் விளம்பரத்துக்கு 6 விநாடிதான். 40 விநாடிப் படத்தை வேகமாக ஓட்டிச் சுருக்கினால், பாய் விரியாது, உதறப்படும். அதனால் வேகத்தில் கைவைக்காமல் காட்சிகளைக் குறைத்தோம். 15 விநாடிப் படத்தில் விரிவதும் கை தடவுவதும் மட்டும்; குழந்தையை மனமில்லாமல்தான் எடுத்தேன். 6 விநாடியில் விரிவது ஒன்றே. நிதானமாகப் பேசினால் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் அதில் அடங்காது. ஆகவே பேச்சையும் எடுத்துவிட்டு, கோரை உரசுகிற ஒலியை மட்டும் விட்டோம். நீளப் படத்தில் 34ஆம் விநாடியில் வந்த கடைப் பெயர், இதில் முதல் விநாடியிலிருந்தே இருக்கிறது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கும் யாருடைய பாய் என்று தெரிய வேண்டுமே.

வெளியிடும் முன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். அந்தச் செயலியில் ஓடும் எந்தப் படத்தையாவது திரைப்பிடிப்பு எடுத்து, உங்கள் படத்தின் மேல் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பாருங்கள். எது எதன் மேல் ஏறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். பிறகு வீட்டில் இருப்பதிலேயே சின்னக் கைபேசியில் ஒருமுறை ஓடவிடுங்கள். திரையில் வரும் எழுத்தை வாய்விட்டு இருமுறை வாசித்து முடிப்பதற்குள் அது மறைந்தால், இன்னும் சற்று நேரம் நிற்க விடுங்கள். செயலிகள் தங்கள் பொத்தான்களை அவ்வப்போது இடம் மாற்றுவதால், பழைய திரைப்பிடிப்பை நம்பாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுப்பது நல்லது.

அண்ணாச்சியின் எண் இப்போது திரையின் அடியில் இல்லை. நடுவுக்குச் சற்று மேலே, வெளிர்க் கோரையின் மீது கறுப்பு எழுத்தில் இருக்கிறது.