உண்மை அட்டவணை சொல்லாத 0.6 வோல்ட்

ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் வாரம் இது. பிளஸ் டூ மாணவர்களும், அவர்களைவிடப் பதற்றமான பெற்றோரும் எழுதிய கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “இரண்டு டையோடு வைத்து ஆண்ட் கேட் கட்டினோம். அட்டவணைப்படி வெளியீடு 0. மல்டிமீட்டர் 0.6 வோல்ட் காட்டுகிறது. எதை எழுதுவது?”

மீட்டரில் பழுதில்லை, சுற்றும் சரிதான். பிரெட்போர்டில் இருப்பது 0-உம் 1-உம் அல்ல, வோல்ட். எத்தனை வோல்ட் வரை 0 என்று கொள்வது, எதற்கு மேல் 1 என்பது நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு. அந்த ஏற்பாடு எங்கே உடைகிறது, அதை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம். பி–என் சந்தி உருவாகும் கதை பாடநூலில் இருக்கிறது.

டையோடு ஒருவழிப் பாதைதானே?

ஒருவழிப் பாதைதான், ஆனால் சுங்கம் வசூலிக்கும் பாதை. சிலிக்கான் டையோடு வழியாக மின்னோட்டம் போகும்போதெல்லாம் அதன் இரு முனைகளுக்கிடையே 0.6 முதல் 0.7 வோல்ட் வரை இறங்கிவிடும். பாடநூலில் ‘நல்லியல்பு டையோடு’ என்று படித்தால், இந்தச் சுங்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஆண்ட் கேட்டில் இரண்டு டையோடுகளின் ஆனோடுகளும் ஒரே புள்ளியில் சேர்கின்றன. அந்தப் புள்ளி 10 கிலோ ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட்டுக்குப் போகிறது. கேத்தோடுகள்தான் உள்ளீடுகள். ஓர் உள்ளீட்டைத் தரையில் வைத்தால் அந்த டையோடு கடத்தும். வெளியீடு தரைக்கு மேல் ஒரு டையோடு உயரத்தில் நிற்கும். நோட்டில் இப்படி எழுதுங்கள்:

| உள்ளீடு 1 (வோல்ட்) | உள்ளீடு 2 (வோல்ட்) | மீட்டரில் சுமார் (வோல்ட்) | உண்மை அட்டவணை |
|---|---|---|---|
| 0 | 0 | 0.6 | 0 |
| 0 | 5 | 0.6 | 0 |
| 5 | 0 | 0.6 | 0 |
| 5 | 5 | 5.0 | 1 |

ஆர் கேட்டில் எல்லாம் தலைகீழ். ஆனோடுகள் உள்ளீடு, கேத்தோடுகள் சேரும் புள்ளி 10 கிலோ ஓம் வழியாகத் தரைக்குப் போகும். அங்கே 0 சுத்தமாக வரும், 1 மட்டும் 4.4 வோல்ட்டாகக் குறையும். இதுவரை பெரிய சேதம் இல்லை.

பிறகு எங்கே சிக்கல்?

இரண்டு கேட்டுகளை இணைக்கும்போது. ஆண்ட் கேட்டின் வெளியீட்டை ஆர் கேட்டின் ஓர் உள்ளீட்டில் கொடுத்து, ஆர் கேட்டின் மற்ற உள்ளீட்டைத் தரையில் வையுங்கள். ஆண்ட் கேட்டின் இரு உள்ளீடுகளுக்கும் 5 வோல்ட் கொடுங்கள். காகிதத்தில் விடை 1.

இப்போது மின்னோட்டம் போகும் வழியைப் பாருங்கள். 5 வோல்ட்டிலிருந்து ஆண்ட் கேட்டின் 10 கிலோ ஓம், ஆர் கேட்டின் டையோடு, ஆர் கேட்டின் 10 கிலோ ஓம், பிறகு தரை. டையோடு 0.6 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, மீதி 4.4 வோல்ட்டை இரண்டு சம மின்தடைகளும் பாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. வெளியீடு 2.2 வோல்ட். அதை 0 என்றும் சொல்ல முடியாது, 1 என்றும் அடித்துச் சொல்ல முடியாது. இன்னொரு கேட்டைச் சேர்த்தால் இன்னும் தேயும்.

டையோடு முடிவெடுக்கும், தேய்ந்துபோன சிக்னலை மீட்டுத் தராது. உண்மை அட்டவணையில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

டிரான்சிஸ்டர் என்ன செய்கிறது?

‘டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச்’ என்பது நிபந்தனையோடு உண்மை. பிசி547-இன் உமிழ்ப்பானைத் தரையில் வைத்து, உள்ளீட்டை ஒரு மின்தடை வழியாக அடிவாயில் கொடுத்து, ஏற்பானை 1 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இணைத்தால், முழுதாகக் கடத்தும்போது ஏற்பானில் ஏறக்குறைய 5 மில்லி ஆம்பியர் ஓடும். அதற்குத் தேவையானதைவிடத் தாராளமாக அடிவாய் மின்னோட்டம் கிடைத்தால்தான் அது மூடிய சுவிட்ச், ஏற்பானில் 0.2 வோல்ட்டோ அதற்குக் குறைவாகவோ இருக்கும். மீட்டர் 2, 3 வோல்ட் என்று காட்டினால் அது சுவிட்சாக இல்லை, பெருக்கியாக நிற்கிறது. அடிவாய் மின்தடை அதிகமா, கால்கள் மாறிவிட்டனவா என்று பாருங்கள். தட்டை முகம் உங்களை நோக்கி, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து வலமாக ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான்.

உள்ளே வருவது தேய்ந்த 1 ஆனாலும் வெளியே சுத்தமான 0 வரும். உள்ளே 0 என்றால் முழு 5 வோல்ட். இதுதான் நாட் கேட். தலைகீழாக்குவது பாடநூல் சொல்லும் வேலை. மீட்டுத் தருவது சொல்லாத வேலை.

அப்படியானால் ஆண்ட் கேட்டை நேராக அடிவாயில் இணைக்கலாமா?

இணைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஆண்ட் கேட்டின் 0 என்பது 0.6 வோல்ட். டிரான்சிஸ்டர் விழிக்கத் தொடங்குவதும் அதே 0.6 வோல்ட்டில்தான். அரைகுறையாகக் கடத்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்.

1960-களில் டையோடு–டிரான்சிஸ்டர் லாஜிக் சுற்றுகளில் இதற்கு ஓர் அழகான தீர்வு வைத்திருந்தார்கள்: சேரும் புள்ளிக்கும் அடிவாய்க்கும் நடுவில் இன்னும் இரண்டு டையோடுகள், வரிசையாக. அடிவாயிலிருந்து தரைக்கு ஒரு 10 கிலோ ஓம்.

ஆண்ட் பகுதியின் மின்தடையை 4.7 கிலோ ஓம் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். இப்போது டிரான்சிஸ்டர் கடத்த வேண்டுமானால் சேரும் புள்ளி மூன்று சந்திகளின் உயரத்துக்கு, சுமார் 2 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். ஓர் உள்ளீடு தரையில் இருந்தால் அந்தப் புள்ளி 0.7 வோல்ட்டைத் தாண்டாது. டிரான்சிஸ்டர் உறங்கும், வெளியீடு 5 வோல்ட். இரண்டு உள்ளீடுகளும் 5 வோல்ட் என்றால் புள்ளி 2 வோல்ட்டுக்கு ஏறும். மின்தடையில் மீதமுள்ள 3 வோல்ட் 0.6 மில்லி ஆம்பியருக்கு மேல் செலுத்தும்; அதில் பெரும்பகுதி அடிவாய்க்குப் போகும். 5 மில்லி ஆம்பியரைச் சுமக்க அது தாராளம். வெளியீடு 0.2 வோல்ட்டுக்குள்.

டையோடு விதித்த சுங்கத்தாலேயே அந்தச் சுங்கம் ஈடுகட்டப்படுகிறது. கிடைத்தது நேண்ட் கேட்: இரண்டும் 1 என்றால் மட்டும் 0, மற்ற மூன்று வரிகளிலும் 1. உள்ளீட்டின் 0 தேய்ந்து 1 வோல்ட் ஆனாலும் விடை மாறாது. ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை இணைத்தாலும் சிக்னல் தேயாது.

எல்லை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கேட்டின் வெளியீடு 0-வாக இருக்கும்போது, அதில் தொங்கும் ஒவ்வோர் அடுத்த கேட்டும் சுமார் 0.9 மில்லி ஆம்பியரை அதற்குள் தள்ளுகிறது. அதிகம் தொங்கவிட்டால் டிரான்சிஸ்டரால் வெளியீட்டைத் தரையில் பிடித்து வைக்க முடியாது.

மற்ற கடிதங்கள், சுருக்கமாக

*உள்ளீட்டு வயரைக் கழற்றிவிட்டால் 0 தானே?* இல்லை, இந்த ஆண்ட், நேண்ட் சுற்றுகளில் அது 1 ஆகிவிடும், 0 வேண்டுமென்றால் தரையில் செருக வேண்டும்.

*நேண்டிலிருந்து நாட்?* இரண்டு உள்ளீடுகளையும் ஒன்றாக இணையுங்கள்.

*நேண்டிலிருந்து ஆண்ட்?* பின்னால் ஒரு நாட்.

*ஒரே வகை கேட்டால் கணினியே கட்ட முடியுமா?* முடியும், நிலவுக்குப் போன அப்பல்லோ வழிகாட்டுக் கணினியின் லாஜிக் முழுதும் நார் கேட்டுகள்.

*எல்இடியை டையோடு கேட்டின் வெளியீட்டில் நேராக மாட்டலாமா?* 10 கிலோ ஓம் வழியே வரும் மின்னோட்டத்தில் மங்கலாகத்தான் எரியும், மீட்டரை நம்புங்கள்.

*நோட்டில் இரண்டு அட்டவணையும் எழுதினால் மதிப்பெண் போகுமா?* அளந்த வோல்ட்டும் அதை எப்படி 0, 1 என்று பிரித்தீர்கள் என்ற வரியும் அருகருகே இருந்தால், கேட்டைக் கட்டிப் பார்த்தவர் எழுதிய நோட்டு அது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.