தோ பாயோ ரயிலும் மூன்று விதிகளும்

ஐயமும் நிர்ணயமும் – 7

காலை வேளையில் தோ பாயோ நிலையத்தின் படிகளில் இறங்கி ரயிலுக்குக் காத்து நிற்கிற ஒருவருக்கு, அந்த ரயில் ஆதிமுதல் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது போன்ற ஒரு பிரமை உண்டாவது இயல்பே. ஆயினும், 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதியன்று, இயோ சூ காங்கில் தொடங்கி அங் மோ கியோ, பீஷான், பிரேடல் வழியாகத் தோ பாயோவில் முடியும் ஆறு கிலோமீட்டர் பாதையில் இத்தீவின் முதல் பெருவிரைவு ரயில் புறப்படுவதற்கு முன்னர், அப்படியொரு ரயில் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஒரு பக்கத்தில் ரயில் வேண்டும் என்று வாதாடியவர்களில் முதன்மையானவர், அப்போதைய தொடர்புத் துறை அமைச்சர் ஓங் டெங் சியோங். தோ பாயோவை ஒட்டிய கிம் கியட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் அவரே. மறுபக்கத்தில், அரசாங்கம் 1980இல் வரவழைத்த ஹார்வர்ட் பல்கலைக்கழக நிபுணர் குழு, செவ்வனே நடத்தப்படும் பேருந்துகளே போதும், ரயில் வீண் செலவு என்ற அபிப்பிராயத்தைத் தெரிவித்தது. பொருளாதாரத்தின் சூத்திரதாரியாக மதிக்கப்பட்ட கோ கெங் சுவீயின் மனமும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. பேசப்பட்ட தொகையோ ஐந்து பில்லியன் வெள்ளி.

சென்ற இதழில், எந்த நிலைமை எத்தனை விழுக்காடு நேரக்கூடும் என்று ஓரளவேனும் சொல்லக்கூடிய இடங்களில், சராசரிப் பலனைக் கணக்கிட்டு முடிவுக்கு வரலாம் என்று பார்த்தோம். அந்த எண்கள் கிட்டாத இடத்தில் என்ன செய்வது என்பதே இன்றைய விஷயம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தீவில் எத்தனை பேர் வசிப்பார்கள், வியாபாரம் பெருகுமா குன்றுமா, எத்தனை கார்கள் சாலையை அடைக்கும் என்பவற்றுக்கு 1980இல் எவரும் நாணயமாக ஒரு நிகழ்தகவைச் சொல்லியிருக்க இயலாது. அத்தகைய அநிச்சய நிலையில் கணிதஞர்கள் முதலில் செய்வது, பலன் அட்டவணை ஒன்றை எழுதுவதுதான். நம் கையில் உள்ள செயல்களை வரிசைகளாகவும், நம் கையில் இல்லாத காலநிலைமைகளைப் பத்திகளாகவும் இட்டு, ஒவ்வொரு செயலும் ஒவ்வொரு நிலைமையும் சந்திக்கும் கட்டத்தில் அதனால் வரும் நன்மை தீமைகளை ஓர் எண்ணாக எழுதுகிறார்கள்.

கீழே உள்ள எண்கள், முறையை விளக்கும் பொருட்டு நானாக இட்டவையே. எந்த அரசாங்க ஆவணத்திலிருந்தும் எடுத்தவை அல்ல. இரு தரப்பாரின் வாதத்துக்கு இடையே, ரயிலுக்கான நிலத்தை மட்டும் இப்போதே ஒதுக்கிவிட்டு, வளர்ச்சி கண்ணுக்குத் தென்பட்ட பிறகு பாதை போடலாம் என்ற மூன்றாவது வழியையும் சேர்த்திருக்கிறேன்.

| செயல் | அதிவேக வளர்ச்சி | மிதமான வளர்ச்சி | மந்தம் |
|---|---|---|---|
| ரயில் | 100 | 30 | −40 |
| பேருந்து மட்டும் | 10 | 25 | 20 |
| நிலம் ஒதுக்கிக் காத்திருத்தல் | 60 | 35 | 5 |

இந்த அட்டவணையை முதலில் பார்க்கும் விதி, ஒவ்வொரு வரிசையிலும் உள்ள மிகக் கெட்ட எண்ணை எடுத்து, அவற்றுள் உயர்ந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. ரயிலின் கெட்ட எண் −40, பேருந்தின் கெட்ட எண் 10, காத்திருப்பதன் கெட்ட எண் 5, ஆகவே பேருந்து. இதற்கு மாக்ஸிமின் என்று பெயர். ஏபிரகாம் வால்ட் என்ற அறிஞர் இதனைப் புள்ளியியலில் நிலைநாட்டினார். இயற்கை ஒரு விரோதியாக எதிரே அமர்ந்து, நாம் எதைச் செய்தாலும் அதற்கு மிகவும் பாதகமான நிலைமையையே அனுப்பும் என்று வைத்துக்கொண்டு ஆடும் ஆட்டம் இது. இன்றைய ருமேனியாவில் உள்ள க்ளூஷ் நகரத்தில் 1902இல் பிறந்து, ஐரோப்பாவை விட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, தமது பெருநூலை 1950இல் வெளியிட்ட அவர், அதே ஆண்டு டிசம்பர் மாதம் சொற்பொழிவுகளுக்காக இந்தியாவில் பிரயாணம் செய்துகொண்டிருக்கையில், நமது நீலகிரி மலையில் நேர்ந்த விமான விபத்தில் மனைவியோடு உயிர் நீத்தார் என்பது தமிழர்களில் பலர் அறியாத துயரச் செய்தி.

இரண்டாவது விதி இதற்கு நேர் எதிரானது. ஒவ்வொரு வரிசையிலும் மிக நல்ல எண்ணை எடுத்து, அவற்றுள் உயர்ந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற மாக்ஸிமாக்ஸ், 100, 25, 60 என்ற மூன்றையும் பார்த்து, தயங்காமல் ரயில் என்று சொல்லிவிடும். இதில் −40 என்ற எண் அட்டவணையில் இருப்பதே அந்த விதியின் கண்ணில் படுவதில்லை. மாக்ஸிமின் விதியின் கண்ணில் 100 என்ற எண் படாதது போலத்தான் இதுவும். இரண்டுமே வரிசைக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறந்துவிடுகின்றன.

மூன்றாவது விதியை, வால்டின் நூலைப் பரிசீலித்து 1951இல் எழுதிய லெனார்ட் சாவேஜ் முன்வைத்தார். மனிதன் அஞ்சுவது நஷ்டத்தை மட்டும் அன்று. இந்த நிலைமைதான் வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் வேறொன்றைச் செய்திருப்பேனே என்று பின்னால் ஏங்குவதையும் அவன் அஞ்சுகிறான். அந்த ஏக்கத்துக்கு இவ்விதியில் வருத்தம் என்று பெயர். ஒவ்வொரு பத்தியிலும் உள்ள மிக நல்ல எண்ணிலிருந்து அப்பத்தியின் மற்ற எண்களைக் கழித்தால் வருத்தத்தின் அளவு கிடைக்கிறது. அதிவேக வளர்ச்சிப் பத்தியில் சிறந்தது 100. ஆகவே ரயிலுக்கு வருத்தம் 0, பேருந்துக்கு 90, காத்திருத்தலுக்கு 40. மிதமான வளர்ச்சியில் சிறந்தது 35. வருத்தங்கள் முறையே 5, 10, 0. மந்தத்தில் சிறந்தது 20. வருத்தங்கள் 60, 0, 15. ஒவ்வொரு செயலின் மிகப் பெரிய வருத்தத்தை எடுத்தால் ரயிலுக்கு 60, பேருந்துக்கு 90, காத்திருத்தலுக்கு 40 என்றாகிறது. இவற்றில் சிறியது 40 ஆதலால், மினிமாக்ஸ் வருத்த விதி காத்திருக்கச் சொல்கிறது.

ஒரே அட்டவணை, மூன்று விதிகள், மூன்று வெவ்வேறு விடைகள். இதைக் கண்டு, கணிதம் நம்மை ஏமாற்றிவிட்டது என்று எண்ண வேண்டுவதில்லை. எந்தக் குணம் படைத்தவன் எதைத் தேர்வான் என்பதைக் கணிதம் சொல்லிற்றேயொழிய, எந்தக் குணம் உயர்ந்தது என்று அது சொல்லப் புகவில்லை.

மூன்றில் வருத்த விதியே நியாயமானதாகப் பலருக்குத் தோன்றும். அதிலும் ஒரு குறை உண்டு. அதை 1954இல் ஹெர்மன் செர்னாஃப் எடுத்துக்காட்டினார். நமது அட்டவணையில் நான்காவதாக ஒரு வரிசையைச் சேர்த்துப் பார்ப்போம். ஆடம்பர மனம் படைத்த ஒருவர், தீவு முழுவதும் ஒரே மூச்சில் நிலத்தடியிலேயே ரயில் போட வேண்டும் என்று யோசனை சொல்கிறார். அதன் பலன் அதிவேக வளர்ச்சியில் 150, மிதமான வளர்ச்சியில் 0, மந்தத்தில் −90 என்று வைத்துக்கொள்வோம். இப்போது முதல் பத்தியின் சிறந்த எண் 150 ஆகிவிட்டது. ஆகவே அப்பத்தியில் ரயிலின் வருத்தம் 50 ஆகவும், காத்திருத்தலின் வருத்தம் 90 ஆகவும், பேருந்தின் வருத்தம் 140 ஆகவும் ஏறுகின்றன. ரயிலுக்கு மந்தப் பத்தியில் இருந்த 60 அப்படியே மிகப் பெரியதாக நிற்கிறது. ஆடம்பர யோசனையின் மிகப் பெரிய வருத்தமோ 110. எனவே விதி இப்போது ரயிலைத் தேர்கிறது.

இதில் விநோதம் என்னவென்றால், புதிதாக வந்த யோசனையை எவரும் தேர்ந்தெடுக்கவில்லை; காத்திருத்தலின் பலன்களும் ரயிலின் பலன்களும் ஓர் இம்மியும் மாறவில்லை. ஆயினும் நிர்ணயம் காத்திருத்தலிலிருந்து ரயிலுக்குத் தாவிவிட்டது. இட்லியா தோசையா என்று கேட்டபோது இட்லி என்றவர், பூரியும் இருக்கிறது என்று அறிந்ததும், அப்படியானால் தோசை என்று சொன்னால் எப்படியோ, அப்படி. ஆகையால் வருத்த விதியைக் கையாளுகிறவர், நிராகரிக்கப்பட்ட வரிசைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, விடை அதே இடத்தில் நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். நிற்காவிட்டால், முடிவைச் செய்தது விதியன்று, பட்டியலை எழுதியவரே என்று அறிந்துகொள்ளலாம்.

மீண்டும் சரித்திரத்துக்கு வருவோம். 1980இன் விவாதத்தில் பெரும்பாலும் இரண்டு வரிசைகளே இருந்தன. ரயில், அல்லது பேருந்து மட்டும். நமது எண்களின்படி, அந்த இரண்டுக்கும் இடையே எச்சரிக்கையாளர் பேருந்தையும், துணிந்தவர் ரயிலையும் தேர்ந்திருப்பர். வருத்தத்தை அளப்பவரும், ரயிலுக்கு 60, பேருந்துக்கு 90 என்று கண்டு, துணிந்தவரோடு சேர்ந்திருப்பார். அந்நிலையில் வழக்கு குணங்களின் வழக்காகவே நீடித்திருக்கும். ஆனால் 1981இல் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வு, எல்லாவற்றையும் பேருந்துகளின் தலையில் ஏற்றுவது நடைமுறைக்கு ஒவ்வாது, இடம் குறுகிய இத்தீவில் பேருந்துகள் மற்ற வாகனங்களோடு சாலைக்காகப் போட்டியிட வேண்டியிருக்கும் என்ற முடிவுக்கு வந்தது. எச்சரிக்கையாளரிடமிருந்து எச்சரிக்கையைப் பறிக்க அது முனையவில்லை. அட்டவணையில் ஒரு கட்டத்தையே அது திருத்தியது.

எந்தக் கட்டம் என்றால், பேருந்து வரிசையும் அதிவேக வளர்ச்சிப் பத்தியும் சந்திக்கும் கட்டம். அங்கே நாம் 10 என்று எழுதியிருந்தோம். நெரிசலில் பேருந்துகள் நகராமல் நின்றுவிடும் என்று தெரிந்த பிறகு, அதை −50 என்று திருத்துவதாக வைத்துக்கொண்டால், பேருந்தின் கெட்ட எண் −50, ரயிலின் கெட்ட எண் −40 என்றாகி, வால்டின் விதியே ரயிலின் பக்கம் வந்துவிடுகிறது. மாக்ஸிமாக்ஸ் முன்பே அங்கேதான் இருந்தது. வருத்த விதியிலும் ரயிலுக்கு 60, பேருந்துக்கு 150. மூன்றும் ஒரே குரலில் பேசுகின்றன. அந்தக் கட்டத்தில் −50க்குப் பதிலாக −30 என்றிருந்தால் எச்சரிக்கையாளர் இன்னும் பேருந்தையே பிடித்துக்கொண்டிருப்பார் என்பதையும் கவனிக்க வேண்டும்; வாதம் முழுவதும் அந்த ஒரு கட்டத்தின் மதிப்பில்தான் தொங்குகிறது. எந்த எண் மாறினால் விடை மாறும் என்று தேடி, அந்த எண்ணைப் பற்றியே மேலும் விசாரிப்பது, எந்த விதி சிறந்தது என்று சண்டையிடுவதைக் காட்டிலும் பிரயோஜனமுள்ள உழைப்பு.

1982ஆம் ஆண்டு மே மாதத்தில் ரயிலுக்கு அரசாங்கம் சம்மதம் தந்தது. மறு ஆண்டு அக்டோபரில் வேலை தொடங்கிற்று. பாதை பாதி எழும்பிக்கொண்டிருந்த 1985இல், இத்தீவின் பொருளாதாரம் சுருங்கியது. மந்தம் என்று நாம் எழுதிய பத்தி எட்டிப் பார்த்த நேரம் அது. ரயில் வேண்டாம் என்றவர்களுக்கு அன்று, பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. பிறகு வளர்ச்சி திரும்பியதும், ரயில் வேண்டும் என்றவர்களுக்கு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. இரு கேள்விகளுமே தவறானவை. ஏனெனில், வந்த நிலைமை பின்னால் வந்தது, நிர்ணயமோ முன்னால் செய்யப்பட்டது. முடிவைச் செய்தவரின் கையில் அன்று இருந்த அட்டவணையைப் பார்க்காமல், பின்னால் நிரம்பிய ஒரே ஒரு பத்தியை மட்டும் பார்த்து அவரைப் புகழ்வதும் இகழ்வதும், சீட்டு விழுந்த பிறகு சீட்டாட்டம் கற்பிப்பதை ஒக்கும்.

முழு எச்சரிக்கைக்கும் முழுத் துணிவுக்கும் இடையே, இவ்வளவு பங்கு துணிவு என்று ஓர் எண்ணால் அளந்து கலக்கும் விதி ஒன்று உண்டு. லியோனிட் ஹுர்விச் என்பவர் வகுத்த அந்த விதியை அடுத்த இதழில் இதே அட்டவணையின் மீது வைத்துப் பார்ப்போம்.